மயிரிழை விரிசலுக்கு ஒரு கடிதம்

2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், போக்குவரத்துத் துறை ஊழியர் ஒருவரின் அலுவலகத் தொலைபேசியில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. பேசியவர் மயாமியில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைபாலத்தை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர். பாலத்தின் வடக்கு முனையில் விரிசல் கண்டிருக்கிறது, பழுதுபார்க்க வேண்டியிருக்கும், ஆனால் பாதுகாப்பு நோக்கில் பிரச்சினை எதுவும் தெரியவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதைக் கேட்க வேண்டியவர் வேறு வேலையாக வெளியே போயிருந்தார். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான் கேட்டார். பாலம் வியாழக்கிழமை பிற்பகலே விழுந்துவிட்டது.

புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்ட அந்தக் கான்கிரீட் பாலத்தின் எடை சுமார் 950 டன். நீளம் 174 அடி. ஐந்து நாள் முன்புதான் அதைச் சாலைக்குக் குறுக்கே தூக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் பொதுமக்கள் யாரும் இன்னும் நடக்கவே இல்லை. ஆனால் கீழே சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு பேர் இறந்தார்கள்: பாலத்தில் வேலை செய்த ஒருவர், கீழே வாகனங்களில் இருந்த ஐந்து பேர்.

விரிசல் யார் கண்ணிலும் படாமல் இருக்கவில்லை. படம் எடுத்திருந்தார்கள், மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், விழுந்த அன்று காலையில்கூட உட்கார்ந்து பேசியிருந்தார்கள். விரிசலைப் பற்றிச் சொன்னவர்கள், அதற்காக யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சாலையை மூடுங்கள் என்று ஒருவரும் ஒருவருக்கும் எழுதவில்லை.

நம் ஊர்களில் வாய்க்காலுக்கும் ஓடைக்கும் மேலே நிற்கும் நடைபாலங்கள் இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. அவற்றை ஆய்வு செய்யும் பொறியாளர் பேரூராட்சிக்கு எழுதும் கடிதமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் பொறியாளராக இருக்க மாட்டார். செயல் அலுவலரும் மன்ற உறுப்பினர்களும் அதில் 'மயிரிழை விரிசல்' என்ற சொல்லைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடக்கூடும். நல்ல கடிதம் அப்படி மூட விடாது.

ஒரு கற்பனைப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். பாசன வாய்க்காலின் குறுக்கே 12 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். இரண்டு கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் மேல் ஒரு தளம். வயது முப்பதுக்கு மேல். வரைபடம் யாரிடமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் நடப்பார்கள். தடுப்பு ஏதும் இல்லாததால் பைக்குகளும் போகும். திருவிழாவில் சாமி ஊர்வலம் இந்த வழியாகத்தான். ஆய்வுக்குப் போன பொறியாளர் கிழக்குக் கரையில், தெற்கு உத்தரத்தின் முனையருகே மூன்று மெல்லிய விரிசல்களைப் பார்க்கிறார்.

அவர் முதலில் கவனிப்பது விரிசலின் அகலத்தை அல்ல, அது எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை. இரு கரையிலும் தாங்கப்பட்ட உத்தரத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் நடுப்பகுதி கீழ்நோக்கி வளையும். அடிப்பக்கம் இழுபடும். அங்கே செங்குத்தாகச் சில மெல்லிய விரிசல்கள் விழுவது கான்கிரீட்டின் இயல்பு. அந்த இழுவையை வாங்கத்தான் அடியில் கம்பி போடுகிறார்கள். கம்பி வேலை செய்யத் தொடங்குவதே கான்கிரீட் லேசாக விரிந்த பிறகுதான். பாரம் அளவுக்கு மீறினாலும் இந்தக் கம்பி உடனே அறாது, நீளும். பாலம் கண்ணுக்குத் தெரியும்படி தொங்கும், விரிசல் வாய் பிளக்கும். ஊருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும்.

முனையில் கதை வேறு. உத்தரத்தின் மொத்த பாரமும் கரைக்கு இறங்கும் இடம் அது. அங்கே வளைவு குறைவு. ஆனால் உத்தரத்தைக் குறுக்கே நறுக்கப் பார்க்கும் விசை உச்சத்தில் இருக்கும். பொறியாளர்கள் இதை 'ஷியர்' என்பார்கள். இதனால் விழும் விரிசல் சாய்வாக, தாங்கியின் அருகே அடியில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி மேலேறும். அதைக் குறுக்கே பிடித்து வைத்திருப்பவை வளையக் கம்பிகள், கொத்தனார்கள் சொல்லும் 'ரிங்'. பழைய சிறு பாலங்களில் அந்த ரிங்குகள் இடைவெளி அதிகமாக விட்டுக் கட்டப்பட்டிருக்கலாம், அல்லது துருவில் மெலிந்திருக்கலாம். ரிங் போதாத உத்தரம் ஷியரில் உடையும்போது முன்கூட்டியே தொங்கிக் காட்டாது. திடீரென்று போகும். நடுவில் 0.2 மில்லிமீட்டர் விரிசலைப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டு நகரும் பொறியாளர், அதே 0.2 மில்லிமீட்டர் தாங்கியருகே சாய்வாக ஓடினால் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் முனையருகே வரும் விரிசல் எல்லாமே ஷியர் விரிசல் என்றும் சொல்லிவிட முடியாது. வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் சுருங்கும். 12 மீட்டர் உத்தரம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகரும். அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கத்தான் உத்தரத்துக்கும் கரைச்சுவருக்கும் நடுவே ரப்பரோ தகடோ வைத்த தாங்கி இருக்கிறது. மண்ணும் குப்பையும் அடைந்து அது இறுகிவிட்டால், நகர முடியாத உத்தரம் முனையிலோ கரைச்சுவரின் தலையிலோ பிளக்கும். துருவால் வரும் விரிசல் கம்பியின் போக்கிலேயே ஓடும்; துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலே இருக்கும் கான்கிரீட்டை நெம்பிவிடுகிறது. அங்கே பழுப்புக் கறை தெரியும், சிறு சுத்தியலால் தட்டினால் பொள்ளலான ஓசை கேட்கும். கட்டிய காலத்தில் காயும்போதே விழுந்த சுருக்க விரிசல்கள் ஆழமின்றி வலைபோலப் பரவியிருக்கும். அவற்றின் விளிம்பு மழுங்கி, உள்ளே அழுக்கும் பாசியும் படிந்திருக்கும். விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருந்தால் விரிசல் புதிது என்று சந்தேகிக்கலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அகலம். விரிசலின் மேல் ஒட்டிப் பார்க்கும் ஒளிபுகும் அட்டை ஒன்று உண்டு; அதில் பல தடிமன்களில் கோடுகள் அச்சிட்டிருக்கும். எந்தக் கோடு விரிசலோடு பொருந்துகிறதோ அதுவே அளவு. இந்தியத் தர நிர்ணய ஆவணமான ஐ.எஸ். 456, பாதிப்பு குறைந்த சூழலில் 0.3 மில்லிமீட்டர் வரை மேற்பரப்பு விரிசலை ஏற்கிறது. எப்போதும் ஈரத்திலோ மண்ணோடு ஒட்டியோ இருக்கும் உறுப்புகளுக்கு அது 0.2, கடுமையான சூழலுக்கு 0.1. இந்த எண்களைத் தப்பாகப் பயன்படுத்துவது எளிது. இவை கம்பிக்குத் தண்ணீர் போய்த் துருப்பிடிப்பதைத் தடுக்கவும் தோற்றத்தைக் காக்கவும் வைத்த வரம்புகள். 0.3-க்குக் கீழே இருப்பதால் உத்தரத்துக்கு வலு இருக்கிறது என்று அவை சொல்லவில்லை. 'விரிசல் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது' என்ற ஒற்றை வரியோடு முடியும் கடிதம் படிக்கிறவரைத் திசைதிருப்பிவிடும்.

சரி, கடிதத்தை எப்படித் தொடங்குவது? ஆய்வின் நோக்கம், சென்ற நாள், உடன் வந்தவர்கள் என்று தொடங்கி நான்காவது பத்தியில் விஷயத்துக்கு வரும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. இந்தக் கடிதத்தின் முதல் பத்தி, மன்றக் கூட்டத்தில் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் கற்பனைப் பாலத்துக்கு அது இப்படி அமையலாம்:

"ஐயா, வாய்க்கால் நடைபாலத்தின் கிழக்கு முனையில், தெற்கு உத்தரத்தில் மூன்று மெல்லிய சாய்வு விரிசல்களைக் கண்டேன். இவை பாலத்தின் வலுவைப் பாதிக்கக்கூடிய இடத்தில் உள்ளன. இன்றே பைக்குகளைத் தடுக்கவும், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும், விரிவான ஆய்வு முடியும்வரை ஊர்வலத்தை வேறு வழியில் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். காரணங்கள் கீழே."

அடுத்து, கண்ணால் கண்டது. இங்கே ஊகம் கலக்கக் கூடாது:

"விரிசல்கள் தாங்கியின் விளிம்பிலிருந்து 35, 50, 70 செ.மீ. தொலைவில் தொடங்கி, பாலத்தின் நடுப்பக்கம் நோக்கிச் சாய்வாக மேலேறுகின்றன. அகலம் முறையே 0.15, 0.20, 0.10 மி.மீ. காலை 7 மணிக்கு அளந்தது. நடு விரிசல் உத்தரத்தின் உட்பக்கத்திலும் அதே இடத்தில் தெரிகிறது. துருக்கறை இல்லை. தாங்கியைச் சுற்றி மண் அடைந்திருப்பதால் அதன் நிலையைப் பார்க்க முடியவில்லை. மற்ற மூன்று முனைகளில் இத்தகைய விரிசல் இல்லை."

இதில் எடை அதிகமுள்ள வாக்கியம் உட்பக்கத்தைப் பற்றியது. ஒரு பக்கம் மட்டும் தெரிவது மேற்பரப்பில் நின்றுவிட்ட விரிசலாக இருக்கலாம். இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால் உத்தரத்தை ஊடுருவியிருக்க வாய்ப்பு அதிகம். மற்ற மூன்று முனைகளும் நன்றாக இருப்பதைச் சொல்வதும் வெறும் நிரப்பல் இல்லை. பாலம் முழுவதும் மொத்தத்தில் வலுக்குறைந்திருந்தால் நான்கு முனையிலும் அடையாளம் தெரியும். ஒரு முனையில் மட்டும் என்றால் அந்தத் தாங்கி இறுகியிருக்கலாம், அந்தக் கரை லேசாக அமிழ்ந்திருக்கலாம், அல்லது அங்கே மட்டும் ரிங் சரியாகக் கட்டப்படாமல் இருக்கலாம். கடிதம் இந்த மூன்றையும் 'இருக்கலாம்' என்ற அளவிலேயே வைத்து, ஒவ்வொன்றையும் எப்படி உறுதி செய்வது என்று எழுத வேண்டும்: தாங்கியைச் சுற்றி மண்ணை அகற்றிப் பார்ப்பது, நான்கு முனைகளின் மட்டத்தை அளப்பது, கம்பி காணும் கருவியால் ரிங்குகளின் இடைவெளியைக் கண்டுபிடிப்பது. மூன்றுமே பாலத்தை உடைக்காமல் ஓரிரு நாளில் முடியும் வேலைகள்.

பத்துப் பேர் என்ற கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று மன்றத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். அதற்குக் கடிதத்திலேயே ஒரு சின்னக் கணக்கு போதும். பாலத்தின் பரப்பு 18 சதுர மீட்டர். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துப் பாலங்களை வடிவமைக்கிறார்கள். அப்படியானால் ஊர்வல நாளில் 9 டன் வரை ஏறலாம். பத்துப் பேர் என்றால் முக்கால் டன்கூட வராது. வெறும் அறிவிப்புப் பலகையும் குறுக்கே நட்ட இரண்டு இரும்புக் குழாய்களும் மக்கள் பாரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அளவுள்ள பாலத்தின் சொந்த எடையே 12 டன்னைத் தாண்டும். ஆட்களைக் குறைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். கூட்டம் இல்லாதபோதும் விரிசல் வளர்கிறது என்றால் பாலம் தன் எடையையே தாங்கத் திணறுகிறது என்று பொருள்; அப்போது பத்துப் பேர் என்ற கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை, முழுதாக மூட வேண்டியதுதான்.

வளர்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுவது பழைய முறை, இன்றும் நல்ல முறை. கோட்டைத் தாண்டி விரிசல் போனால் வளர்ந்திருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். அசைந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு அசைந்தது என்று அது சொல்லாது. அதற்கு, ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளில் கட்டம் போட்ட அளவி இருக்கிறது. எந்த முறையானாலும் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், விடியற்காலையில் அளக்க வேண்டும். காலையில் ஒரு நாளும் நண்பகலில் ஒரு நாளும் அளந்தால் வெயிலின் விளைவைப் பாலத்தின் நோயாக எடுத்துக்கொள்ள நேரும்.

இந்த இடத்தில் கடிதத்தில் ஓர் எண் வர வேண்டும். "எந்த விரிசலாவது 0.3 மி.மீ.யைத் தொட்டாலோ, முதல் அளவிலிருந்து 0.1 மி.மீ. கூடினாலோ, புது விரிசல் தோன்றினாலோ, கான்கிரீட் துணுக்கு உதிர்ந்தாலோ, என் பதிலுக்குக் காத்திராமல் பாலத்தை மூடி, பிறகு எனக்குத் தகவல் சொல்லவும்." எந்த விதிநூலிலிருந்தும் எடுத்த வரம்பு இல்லை இது, இந்தப் பாலத்துக்கு இந்தப் பொறியாளர் வைக்கும் கோடு. அதன் பயன், வாரந்தோறும் அளக்கப் போகும் பணியாளர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதே. புளோரிடாவில் இல்லாமல் போனது அதுதான். விரிசல்கள் பிப்ரவரி மாதமே, தாங்கு சாரத்தை அகற்றியபோது தெரியத் தொடங்கியிருந்தன. பாலத்தைத் தூக்கி வைத்த பிறகு பெருத்தன. பொதுவாக ஏற்கத்தக்க அளவைப்போல அவை 40 மடங்கு பெரிதாகியிருந்தன என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கண்டறிந்தது. வடிவமைப்புக் கணக்கில் பிழை இருந்தது, அந்தக் கணக்கைச் சரிபார்த்த நிறுவனம் அதைப் பிடிக்கவில்லை என்று வாரியம் சொன்னது. வேலையை நிறுத்தி, சாலையை மூடியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அங்கே பல நிறுவனங்கள் இருந்தன. எந்த அளவைத் தொட்டால் யார் மூடுவது என்ற கோடு இல்லை.

எதிர்ப்பக்கத் தவறுக்கு மும்பையில் ஓர் உதாரணம் உண்டு. 2019 மார்ச் 14 மாலை, சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்தின் தளத்தில் ஒரு பகுதி பெயர்ந்து சாலையில் விழுந்து உயிர்களைப் பறித்தது. அதற்கு முன்னரே மாநகராட்சிக்காக அந்தப் பாலத்தின் உறுதி ஆய்வு நடந்திருந்தது. சிறு பழுதுபார்ப்பு போதும் என்ற பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் மாநகராட்சி நடத்திய விசாரணை, ஆய்வு ஒழுங்காக நடக்கவில்லை என்று குறை கூறியது. ஆய்வறிக்கையில் 'சிறு பழுது' என்று ஒரு பாலம் பெயர் பெற்றுவிட்டால், அலுவலகம் அதைப் பெயின்ட், கைப்பிடி, பூச்சு வேலைகளோடு சேர்த்து வரிசையில் வைத்துவிடும்.

பூச்சு என்றதும், கடிதத்தில் தனியாக ஒரு வரி எழுத வேண்டிய விஷயம் நினைவுக்கு வருகிறது. விரிசல் என்று கேள்விப்பட்டதும் ஒப்பந்ததாரர் ஒருவர் சிமென்ட்டைக் குழைத்து அதன்மேல் பூசிவிட்டுப் போவது நடக்கக்கூடியது. பாலம் புதிதுபோல் தெரியும். அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. எபாக்சி பசையை உள்ளே ஏற்றி அடைப்பதும்கூட, காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியதே. தாங்கி இறுகியதால் வந்த விரிசலை அடைத்தால், அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொன்று விழும். இப்படியேதான் முட்டுக் கொடுப்பதும். முனையருகே உத்தரத்துக்கு அடியில் முட்டு வைப்பது நல்ல தற்காலிக ஏற்பாடு, ஆனால் இடத்தைப் பொறியாளர் குறித்துக் கொடுக்க வேண்டும். நடுப்பக்கமாகத் தள்ளி இறுக்கினால் முட்டுக்கு மேலே உத்தரத்தின் மேற்பகுதி இழுபடும். அங்கே அதற்கான கம்பி இருக்காது.

கடைசியாக, யாருக்கு அனுப்புவது. பேரூராட்சி செயல் அலுவலருக்கு எழுதி, நகல்களை மன்றத் தலைவருக்கும் பேரூராட்சியின் உதவிப் பொறியாளருக்கும் வாய்க்காலைப் பராமரிக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்ப வேண்டும். தாங்கியடியில் மண் அகற்றவும் முட்டு நடவும் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் அந்தத் துறைக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது. அஞ்சலில் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நேரில் கொடுத்து, தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றே தொலைபேசியிலும் பேசி, கையெழுத்திட்டவர் விடுப்பில் போனால் அடுத்து யாரிடம் பேசுவது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செலவு வரும்போது மன்றத் தீர்மானம், மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று மாதங்கள் ஓடும். அதனால் கடிதம் கோரிக்கைகளை இரண்டாகப் பிரித்து வைக்கிறது. தடுப்புக் குழாய், அறிவிப்புப் பலகை, வாராந்திர அளவு, மண் அகற்றுதல் ஆகியவை அன்றாடச் செலவில் அந்த வாரமே முடியக்கூடியவை. கம்பி ஆய்வு, தாங்கி மாற்றம், தேவைப்பட்டால் உத்தரத்தை வலுப்படுத்துதல் ஆகியவை தீர்மானத்துக்குப் போகட்டும். ஆறு வாரம் அளந்தும் எண்கள் நகரவில்லை, ரிங்குகளும் போதுமான நெருக்கத்தில் இருக்கின்றன, தாங்கிதான் இறுகியிருக்கிறது என்று தெரிந்தால், தாங்கியைச் சரிசெய்து விரிசலை அடைத்து, கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று பொறியாளர் இரண்டாவது கடிதம் எழுதுவார். ரிங் போதவில்லை என்று தெரிந்தால் எண்கள் நகராவிட்டாலும் பாலம் மூடியே இருக்கும். அந்த ஆண்டு சாமி சுற்றுவழியில் போகும்.